"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்க முடியாத இடத்தில்

திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் ஆசிரியர் அறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கேட்பது என் குரலாகத்தான் இருக்கும். "வாங்க சார், வாங்க! எப்படி இருக்கீங்க?" என்று எழுந்து நின்று வரவேற்பது என் பழக்கம், அதை ஒரு நற்குணம் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வேதியியல் ஆசிரியர், சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்துவிட்டு, காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், அவரையும் அதே குரலில்தான் வரவேற்றேன். போதாததற்கு, "பார்த்து எவ்வளவு நாளாச்சு!" என்ற வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னேன். நான் சாவுக்குப் போயிருந்தேன், பதினாறாம் நாளும் போயிருந்தேன். எல்லாம் தெரிந்திருந்தும் வாய் தன்பாட்டில் பேசிவிட்டது.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "நல்லா இருக்கேன் சார்" என்றார். பிறகு மேசையில் இருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்து, தம் பெயருக்கு நேராக இருந்த கட்டங்களில் விரலை ஓட்டிக்கொண்டே போய், முந்தைய நாளின் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் தவறு தெரிந்தது. அடிப்பதா, விடுவதா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம், ஒருவரும் அசையவில்லை.

அப்போது அலுவலக உதவியாளராக இருந்த அம்மாள், ஒரு டம்ளர் தேநீரைக் கொண்டுவந்து அவருடைய இடத்தில் வைத்தார். "சார், தம்பி ஞாபகமாவே இருந்துச்சு எங்களுக்கெல்லாம். உக்காருங்க, டீ ஆறிடும்" என்றார். அவ்வளவுதான். ஆசிரியர் உட்கார்ந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், தேநீரைக் குடித்தார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்த ஒன்று, தமிழிலக்கியம் நடத்திக்கொண்டிருந்த எனக்குத் தெரியாமல் போயிற்று.

மூன்று ஆண்டுகள் கழித்து, தேர்வுத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில் இருவரும் அருகருகே உட்கார நேர்ந்தபோது அவரே அந்த நாளைப் பற்றிப் பேசினார். நான் கேட்டதில் அவருக்குக் கோபம் இல்லை. "நீங்க கேட்டது ஒண்ணும் இல்லை சார். அதுக்கு நான் 'நல்லா இருக்கேன்'னு சொன்னேன் பாருங்க, அதுதான் அன்னிக்குப் பூராவும் உறுத்திக்கிட்டே இருந்தது. பிள்ளை போய் மூணு வாரத்துல நல்லா இருக்கேன்னு எப்படிச் சொன்னேன்னு" என்றார்.

அந்தச் சொல்லை வைத்து யோசித்தபோதுதான் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது பிடிபட்டது. தமிழில் நெருக்கமானவர்களுக்குள் நாம் சொல்லும் நலவிசாரிப்புகளில் பெரும்பாலானவை கேள்விகள். "நல்லா இருக்கீங்களா", "சௌக்கியமா", "சாப்பிட்டாச்சா", "என்ன விசேஷம்", "வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க" என்று எதை எடுத்துக்கொண்டாலும், அது ஒரு பதிலைக் கேட்கிறது. அந்தப் பதிலும் முன்பே முடிவு செய்யப்பட்டது: நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சு, எல்லாரும் சௌக்கியம். மற்ற நாள்களில் இது வெறும் மரியாதை. துக்கத்திலோ நோயிலோ இருப்பவரிடம் அதே கேள்வியை வைத்தால், ஒன்று அவர் பொய் சொல்ல வேண்டும். அல்லது வழியில் நின்றுகொண்டு உண்மையைச் சொல்லி நம்மைச் சங்கடப்படுத்த வேண்டும். பெரும்பாலோர் பொய்யைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது நம்மைக் காப்பாற்றுவதற்காக. குரலில் உற்சாகத்தைக் குறைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பதால் பயனில்லை என்பதும், மாற்ற வேண்டியது கேள்வி என்ற வடிவத்தையே என்பதும் இதிலிருந்து எனக்கு விளங்கியது.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது. துக்க வீட்டில் "வாங்க" என்று வரவேற்பதில்லை. வந்தவரும் வணக்கம் சொல்வதில்லை. கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்று சொல்லாமலே எழுந்து போய்விடுவார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில், துக்கம் கேட்க வந்த ஆண்கள் இரு கைகளையும் நீட்ட, வீட்டு ஆண்கள் அந்தக் கைகளைத் தொடுவார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து அழுவார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் இருக்கும் இஸ்லாமியக் குடும்பங்களில், சாவுச் செய்தியைக் கேட்டவுடன் "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்பார்கள். நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்பது அதன் பொருள். அதுவும் ஒரு கூற்று; பதிலை எதிர்பார்க்கும் கேள்வி அன்று. ஆனால் இந்த முறைகளெல்லாம் துக்க வீட்டு வாசலோடும், காரியம் முடியும் வரையிலுமே செல்லுபடியாகின்றன. பதினேழாம் நாள் அவர் பால் வாங்க வந்து நிற்கிறார், பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறார், அலுவலகத்தில் எதிரே வருகிறார். அங்கே என்ன சொல்வது என்பதற்கு நம்மிடம் வழக்கம் எதுவும் இல்லை. ஆகவே பழைய வாய்ப்பாடே வந்து விழுகிறது. அல்லது பேச்சு வராதவர்கள், பார்க்காததுபோல் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார்கள். இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று அந்த ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். மறுபக்கம் போவதுதான் என்றார்.

அந்த முதல் சந்திப்புக்கு இப்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் முறை, அலுவலக உதவியாளர் அம்மாளிடம் கற்றதுதான். முதலில், கேள்வியாக இல்லாத ஒரு வாக்கியம். அது நடந்ததை நான் அறிவேன் என்பதைச் சொல்ல வேண்டும். "விஷயம் கேள்விப்பட்டேன். உங்க நினைப்பாவே இருந்தது" என்பது போதும். இறந்தவரை எனக்குத் தெரியுமென்றால், அவரைப் பெயராலோ உறவாலோ குறிப்பிட்டுவிடுகிறேன்: "அப்பா நினைப்பா இருந்தது", "தம்பி நினைப்பா இருந்தது". பெயரைச் சொன்னால் அவருக்கு ஞாபகம் வந்துவிடுமே என்று பலர் தயங்குகிறார்கள். அவர் மறந்திருந்தால்தானே ஞாபகம் வருவதற்கு. அடுத்து, அவரைப் பேச்சிலிருந்து விடுவிக்கும் ஏதாவது ஒரு சிறு வேலை. "டீ ஆறிடும்" என்பது அப்படிப்பட்ட ஒன்று என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது. அந்தச் சொல் அவருக்கு உட்காரவும், குனியவும், கையில் எதையாவது பிடித்துக்கொள்ளவும் ஒரு காரணத்தைத் தந்தது. தெருவில் சந்தித்தால், "நானும் அந்தப் பக்கம்தான் போறேன், சேர்ந்து நடப்போம்" என்கிறேன். பேச விருப்பமிருந்தால் நடக்கும்போது அவரே பேசுவார். முகத்துக்கு நேரே நிற்பதைவிட, பக்கவாட்டில் நடந்தால் பேச்சு இயல்பாக வருகிறது.

துக்கத்துக்கு அன்று போக முடியாமல், பிறகு சந்திக்கும்போது, வர முடியாத காரணத்தை விரிவாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. மாமனாருக்கு அறுவை சிகிச்சை, பேருந்து கிடைக்கவில்லை, தகவல் தாமதமாக வந்தது என்று நாம் அடுக்க அடுக்க, "பரவாயில்லைங்க, அதனால என்ன" என்று நமக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. "அன்னிக்கு வர முடியலை, அது மனசுல இருக்கு" என்று ஒரே வரியில் நிறுத்திக்கொள்ளலாம். "எப்படி ஆச்சு?" என்ற கேள்வியும் இப்படித்தான். கேட்பவருக்கு அது முதல் முறை. சொல்பவருக்கோ அது ஐம்பதாவது முறையாக இருக்கும், ஒவ்வொரு முறையும் அந்த மருத்துவமனை வாசலில் மீண்டும் போய் நிற்க வேண்டும். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நோயாளியிடம் பேசுவது இதிலிருந்து வேறுபட்டது என்பதை என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்டில் தெரிந்துகொண்டேன். துக்கத்தில் நடந்தது நடந்து முடிந்துவிட்டது. நோயிலோ, நேற்று ஒரு நிலை, இன்று ஒரு நிலை. அவளுக்குக் கீமோதெரபி மூன்று வாரத்துக்கு ஒரு முறை. ஏற்றிய பிறகு முதல் மூன்று நான்கு நாள்கள் குமட்டல். அடுப்படியில் கடுகு தாளிக்கும் வாசனை வந்தால்கூட எழுந்து போய்விடுவாள். ஏழாம் நாள் வாக்கிலிருந்து பதினான்காம் நாள் வாக்கு வரை வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். தொற்று எளிதில் பிடிக்கும், காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் வாரத்தில் ஓரளவு பழைய ஆளாகிவிடுவாள். கொடியில் துணிகூடக் காயப்போடுவாள். அதற்குள் அடுத்த ஊசி வந்துவிடும். இப்படி மாறிக்கொண்டே இருப்பவளிடம் "எப்படி இருக்கீங்க?" என்று மொத்தமாகக் கேட்டால் அவள் எந்த நாளைச் சொல்வாள்?

வந்தவர்கள் சொன்ன முதல் வாக்கியங்களை அவள் பிற்பாடு எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். "அடடா, பாதியா இளைச்சுட்டீங்களே" என்பது ஒரு வகை; வாசலிலேயே நோயை எடை போட்டுவிடுவது. "பார்த்தா நோயாளி மாதிரியே தெரியலையே" என்பது அதற்கு நேரெதிர். அதைக் கேட்டால், வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை என்று அவள் எப்படிச் சொல்வாள். "தைரியமா இருங்க" என்பதை எல்லாரும் சொன்னார்கள். அவள் அழுதது மிகக் குறைவு. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், தான் தைரியமாக இல்லை என்று இவர்களுக்குத் தோன்றுகிறதோ என்று நினைத்துக்கொள்வாளாம். எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடிக்காமல் போனது, "எங்க சித்திக்கும் இதேதான்..." என்று தொடங்கும் பேச்சு. சித்தி பிழைத்தாளா என்பது தெரியும் வரை அவளால் மூச்சுவிட முடியாது. சில கதைகளில் சித்தி பிழைப்பதில்லை, சொல்பவருக்கு அது பாதி வழியில்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் எதிர்வீட்டு அம்மாள் மட்டும் வேறு விதமாக இருந்தார். முதல் சுற்று முடிந்து ஒன்பதாம் நாள் என்று நினைவு. கம்பிக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "உள்ளே வரலை கண்ணு, எனக்கு லேசா தொண்டை கரகரப்பு. இன்னிக்கு எத்தனையாவது நாளு?" என்று கேட்டார். என் மனைவி உள்ளே நாற்காலியில் இருந்தபடி "ஒம்பது" என்றாள். "சரி, அப்ப வாய் ரணமா இருக்கும். காரமில்லாம கஞ்சி வெச்சிருக்கேன், மேடையில வைக்கிறேன். பாத்திரம் திருப்பித் தர வேணாம், நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முழுதும் ஒரு நிமிடத்துக்குள். அன்று மாலை முழுவதும் என் மனைவி அந்த எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். "எத்தனையாவது நாளு" என்பதும் கேள்விதான். ஆனால் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி, உண்மையான பதிலைச் சொல்லக்கூடிய கேள்வி. அந்த அம்மாளின் கணவருக்கு முன்பு இதே மாதிரி வைத்தியம் நடந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்தக் கதையை அவர் ஒரு நாளும் வாசலில் சொன்னதில்லை.

ஆகவே நோயாளியிடம் கேள்வியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேள்வியின் எல்லையைக் குறுக்கிவிட வேண்டும் என்கிறேன். "எப்படி இருக்கீங்க?" என்பதற்குப் பதில் "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால், அந்த ஒரு சொல்லிலேயே, நேற்று வேறாக இருந்திருக்கும், நாளையும் வேறாக இருக்கும் என்பது நமக்குத் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. "ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்பதும் அப்படித்தான். "இப்ப உட்காரலாமா, இல்லை கிளம்பட்டுமா?" என்பது எல்லாவற்றிலும் உபயோகமான கேள்வி, அதைக் கேட்டபடியே செருப்பை மாட்டிக்கொள்ளத் தயாராக இருந்தால்தான் அவர் உண்மையைச் சொல்வார். "ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்பதை நாங்கள் நூறு முறை கேட்டிருப்போம். ஒரு முறைகூட யாரிடமும் எதையும் கேட்டதில்லை. "நாளைக்கு மருந்துக்கடைக்குப் போறேன், உங்க சீட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொன்ன ஒரு பழைய மாணவனுக்கு அன்றிரவே அனுப்பினோம்.

தொலைபேசியில் குரல் இன்னும் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். உற்சாகமான "ஹலோ"வில் தொடங்கிவிட்டால், அடுத்த வாக்கியத்தில் இறங்கி வருவது நாடகம்போல் ஆகிவிடுகிறது. நான் இப்போது பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். "இப்ப பேச முடியலைன்னா பரவாயில்லை, அப்புறம் கூப்பிடறேன்" என்பதை இரண்டாவது வாக்கியமாகவே வைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கடைசியில் "பதில் போட வேண்டாம்" என்று சேர்க்கிறேன். அது பெரிய விடுதலை என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். தினமும் எல்லாருக்கும் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள், அந்தப் பட்டியலிலிருந்து சில பெயர்களைச் சில மாதங்களுக்கு எடுத்துவிட வேண்டும். பண்டிகை வாழ்த்தும் அப்படித்தான். சாவு நடந்த வீட்டில் ஓராண்டு தீபாவளி, பொங்கல் கொண்டாடும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. அது தெரிந்த நாமே, ஒரே தட்டலில் முந்நூறு பேருக்கு அனுப்பும்போது அவர்களுக்கும் சேர்த்து "இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று அனுப்பிவிடுகிறோம். அன்று அவர்களுக்கு ஒன்றும் அனுப்பாமல் இருப்பதும் சரியல்ல. "இன்று உங்களை நினைத்துக்கொண்டேன்" என்று தனியாக ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகும்.

இவற்றை விதியாகப் பிடித்துக்கொள்ளவும் முடியாது என்பதற்கு என் மைத்துனனே சாட்சி. அக்காளைப் பார்க்க வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே, "என்ன மொட்டை பாஸ், சௌக்கியமா?" என்று கத்திக்கொண்டு வருவான். முதல் முறை எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளோ அந்த வாரத்திலேயே முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள், வாய்ப்புண் வலிக்க வலிக்கச் சிரித்தாள். அவன் அவளுடைய தம்பி, சிறுவயதிலிருந்தே அவர்களுக்குள் பேச்சு அப்படித்தான். அதையே பார்த்துவிட்டு என் அலுவலக நண்பர் ஒருவர் தலையைப் பற்றி வேடிக்கையாக ஏதோ சொன்னபோது, அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். முடி கொட்டி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அவரவர் உறவுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பது அவரவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோது குறைவாகப் பேசுவதே பாதுகாப்பு. நோயாளியோ துக்கத்தில் இருப்பவரோ தாமாகவே வேறு பேச்சை எடுத்தால், கிரிக்கெட்டோ வெயிலோ எதுவானாலும், அந்தப் பேச்சிலேயே போய்விட வேண்டும். அவர் மறைக்கிறார் என்று நினைத்து மீண்டும் பழைய இடத்துக்கு இழுத்துவரக் கூடாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வாய் தவறுகிறது. போன மாதம், நாங்கள் பால் வாங்கும் கடைக்காரர், மனைவி இறந்து இரண்டு வாரம் மூடியிருந்த கடையைத் திறந்திருந்தார். நான் ஏதோ யோசனையில் போய் நின்று, சில்லறையை எடுத்து நீட்டியபடியே, "என்னண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே உறைத்தது. முன்பாக இருந்தால் பதறி, மன்னிப்பை நீட்டி முழக்கி, அவர்தாம் என்னைத் தேற்ற வேண்டியிருந்திருக்கும். "அதைக் கேட்டிருக்கக் கூடாது அண்ணே. அண்ணி நினைப்பா இருந்தது எங்க வீட்ல" என்று மட்டும் சொன்னேன்.

"பழக்கம்தானே சார்" என்றார் அவர். பாக்கெட்டை எடுக்கத் திரும்பியவர், "உங்க வீட்டுக்கு எப்பவும் நீலப் பாக்கெட்டுதான் எடுத்து வைப்பா. அது எனக்கே நேத்துதான் தெரியும், நோட்டுல எழுதி வெச்சிருக்கா" என்று சொல்லி, இரண்டு நீல பாக்கெட்டுகளைப் பையில் போட்டுக் கொடுத்தார்.